பாலை நிறுத்தியும் பேதி நிற்காதபோது: லாக்டோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றிலும் வயிறு பொருமுகிறது, பேதியாகிறது. அப்படியானால் உள்ளே நடப்பதில் என்ன வேறுபாடு?

பெருங்குடலில் நடப்பது மூன்றிலும் ஒன்றுதான். சிறுகுடலில் உறிஞ்சப்படாத சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைப்பதால் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்களும் அமிலங்களும் உண்டாகின்றன. பொருமலும் இரைச்சலும் புளித்த வாடையுள்ள நீர்த்த மலமும் இதனால் வருபவை. அறிகுறிகளை மட்டும் கேட்டு எது எந்தக் குறைபாடு என்று சொல்ல முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

வேறுபாடு சிறுகுடலில் இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ், குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்த இரட்டைச் சர்க்கரை. அதைப் பிரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி குறைந்தால் லாக்டோஸ் சகிப்பின்மை ஏற்படுகிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ் ஆகும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இணைந்த அதைப் பிரிப்பது சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்னும் நொதி. இந்த நொதிக்கு மாவுச்சத்திலும் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சோற்றையும் கிழங்கையும் உமிழ்நீரும் கணையநீரும் துண்டாக்கிய பிறகு எஞ்சும் மால்டோஸையும் கிளைத்த சிறு துண்டுகளையும் குளுக்கோஸாக மாற்றுவதில் பெரும்பகுதியை இதுவே செய்கிறது. ஃப்ரக்டோஸ் உறிஞ்சல் குறைபாடு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஃப்ரக்டோஸ் ஒற்றைச் சர்க்கரை என்பதால் அதைப் பிரிக்க நொதி எதுவும் தேவையில்லை. குடற்சுவரைக் கடந்து உள்ளே செல்வதற்கான கடத்திப் புரதத்தின் கொள்ளளவுதான் அங்கே போதாமல் போகிறது.

லாக்டோஸ் சகிப்பின்மை என்று எப்போது சந்தேகிக்கலாம்?

உலகின் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பால்குடி மறந்த பிறகு லாக்டேஸ் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. எனவே இதை நோய் என்பதைவிட மனித உடலின் வழக்கமான போக்கு என்பதே பொருந்தும். பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பொருமலும் பேதியும் வருவதும், அதே ஆள் தயிரையும் மோரையும் சிரமமின்றி உட்கொள்வதும் நல்ல அடையாளங்கள். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி ஏற்கெனவே புளித்துவிட்டிருக்கும். எஞ்சியதைப் பிரிக்கவும் தயிரிலுள்ள நுண்ணுயிரிகளின் நொதி குடலில் உதவுகிறது.

இதில் வயது முக்கியம். பரம்பரையாக லாக்டேஸ் குறையும் இவ்வகையின் அறிகுறிகள் ஐந்து வயதுக்கு முன்பு அரிதாகவே தெரியும். பிறந்த நாள் முதலே லாக்டேஸ் இல்லாதிருப்பது மிக மிக அரிது. ஆகவே ஒன்பது மாதக் குழந்தைக்கு லாக்டோஸ் சகிப்பின்மை என்று ஒருவர் சொன்னால், குடற்சுவரைப் புண்ணாக்கிய வேறொரு காரணம், எடுத்துக்காட்டாக அண்மையில் வந்த வைரஸ் பேதி, இருந்ததா என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட தற்காலிகக் குறைபாடு பெரும்பாலும் சில வாரங்களில் தானே சீராகிவிடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

தேனும் ஆப்பிளும் சாப்பிட்டால் எனக்கு வயிறு பொருமுகிறது. சர்க்கரை போட்ட காபியால் ஒன்றும் ஆவதில்லை. இனிப்புதானே இரண்டும்?

உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது. ஃப்ரக்டோஸைக் குடற்சுவருக்குள் கடத்தும் குளூட்-5 என்னும் புரதத்தின் கொள்ளளவு எல்லோருக்கும் வரையறுக்கப்பட்டதே. கூடவே குளுக்கோஸும் இருந்தால் ஃப்ரக்டோஸ் எளிதாக உள்ளே செல்கிறது. வெள்ளைச் சர்க்கரை பிரியும்போது இரண்டும் சம அளவில் கிடைப்பதால் மிதமான அளவில் அது தொல்லை தருவதில்லை. தேன், ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், தர்பூசணி ஆகியவற்றில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் மிகுதி; அந்த மிகுதியே கீழே இறங்குகிறது. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலும் உண்டு. அதுவும் சரியாக உறிஞ்சப்படாது என்பதால் தொல்லை இரட்டிக்கிறது. 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கப்படும் மிட்டாய்களிலும் மெல்லும் கோந்திலும் பெரும்பாலும் இதுவே இனிப்பூட்டி.

இங்கே அளவே எல்லாம். 50 கிராம் ஃப்ரக்டோஸை ஒரே மூச்சில் குடித்தால் நலமாக உள்ளவர்களிலேயே கணிசமானோருக்கு உறிஞ்சல் முழுமையாக நடக்காது. எனவே ஃப்ரக்டோஸ் உறிஞ்சல் குறைபாட்டைத் தனி நோயாகப் பார்ப்பதைவிட, ஒருவரின் கொள்ளளவு எங்கே முடிகிறது என்ற கேள்வியாகப் பார்ப்பதே சரி என்று நான் கருதுகிறேன். ஒரு துண்டு மாம்பழம் ஒத்துக்கொள்பவருக்கு மூன்று மாம்பழம் ஒத்துக்கொள்ளாமல் போவதில் வியப்பில்லை.

பழம் கொடுத்தவுடன் குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டுவிடுகிறது. இதுவும் ஃப்ரக்டோஸ் உறிஞ்சல் குறைபாடா?

இது வேறாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பரம்பரை ஃப்ரக்டோஸ் சகிப்பின்மை என்னும் அரிய நோயில் ஃப்ரக்டோஸ் நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் கல்லீரலில் ஆல்டோலேஸ் பி என்னும் நொதி இல்லாததால் அதைக் கையாள முடியாமல் இரத்தச் சர்க்கரை சரிகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. அங்கே பொருமலைவிட வாந்தி, வியர்வை, சோர்வு, மஞ்சள் காமாலை ஆகியவையே முன்னிற்கும். உயிர் பிழைத்து வளர்ந்தவர்கள் இனிப்பைத் தாமாகவே வெறுத்து ஒதுக்குவார்கள். அவர்களுக்குச் சொத்தைப் பல் இருப்பதில்லை. இந்த ஐயம் சிறிதளவு இருந்தாலும் ஃப்ரக்டோஸோ சுக்ரோஸோ கொடுத்துச் செய்யும் எந்தச் சோதனையையும் செய்யக்கூடாது. மரபணுச் சோதனையே அதற்குரிய வழி.

தாய்ப்பால் மட்டும் குடித்தவரை என் குழந்தை நன்றாக இருந்தது. இணை உணவு தொடங்கியதிலிருந்து பேதி. பாலை நிறுத்தியும் நிற்கவில்லை. ஏன்?

பிறவிச் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் குறைபாடு பொதுவாக இப்படித்தான் வெளிப்படுகிறது. அதன் போக்கை எடுத்துக்காட்டுக் குழந்தை ஒன்றின் மீது வைத்துச் சொல்கிறேன்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். எடை சீராக ஏறுகிறது. ஏழாம் மாதம் சத்துமாவுக் கஞ்சியில் வெல்லம் கலந்து கொடுக்கிறார்கள், மசித்த வாழைப்பழமும் தருகிறார்கள். சில நாட்களில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நுரைத்த நீர்த்த பேதி. மலத்தின் அமிலத்தால் ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து உரிகிறது. காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தமும் இல்லை. இருமலுக்குக் கொடுத்த இனிப்பு மருந்து பேதியைக் கூட்டுகிறது. எட்டாம் மாதத்தில் லாக்டோஸ்தான் காரணம் என்று கருதி, பசும்பாலை நிறுத்திவிட்டுச் சோயாப் பால்மாவுக்கு மாற்றுகிறார்கள். நிலைமை மோசமாகிறது. லாக்டோஸ் இல்லாத சோயாப் பால்மாவுகள் பலவற்றில் அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது சுக்ரோஸ் அல்லது மாவுச்சத்திலிருந்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரின். இந்தக் குழந்தைக்கு எந்த நொதி இல்லையோ, அந்த நொதியைத்தான் இவை இரண்டும் கேட்கின்றன. ஒன்பதாம் மாதத்தில் எடை ஆறாம் மாதத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இந்தக் கதையில் மருத்துவர் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. தாய்ப்பாலில் உள்ள சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் லாக்டோஸ். அதைக் குடித்து ஆறு மாதம் செழித்த குழந்தைக்கு லாக்டேஸ் பிறவியிலேயே இல்லாதிருக்க வாய்ப்பில்லை. அடுத்து, லாக்டோஸை விலக்கியும் நிலைமை தேறவில்லை. ஆகவே ஒவ்வொரு உணவும் தொடங்கிய நாளையும் பேதி தொடங்கிய நாளையும் அருகருகே எழுதிப் பார்ப்பது, விலை உயர்ந்த எந்தச் சோதனைக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை.

குறைபாடு பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இது அரிது. கிரீன்லாந்து, அலாஸ்கா, கனடா ஆகிய இடங்களின் இன்யூட் மக்களிடையே மிகக் கூடுதல். பல தலைமுறைகளாக மீனும் இறைச்சியுமே உணவாக இருந்த அவர்களிடம் அது தொல்லையாக வெளிப்பட்டது கடைச் சர்க்கரை வந்த பிறகுதான்.

மலப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்துவிட்டது. அப்படியானால் இந்த ஐயத்தை விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். மலத்தில் சர்க்கரை உள்ளதா என்று பார்க்கும் எளிய சோதனை, ஒடுக்கும் தன்மையுள்ள சர்க்கரைகளை மட்டுமே காட்டும். லாக்டோஸும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் அத்தகையவை, சுக்ரோஸ் அப்படிப்பட்டதன்று. மாதிரியை முதலில் அமிலத்துடன் சூடாக்கிப் பிரித்தால்தான் அது அகப்படும், ஆனால் பல ஆய்வகங்கள் அதைச் செய்வதில்லை. எனவே லாக்டோஸ் குறைபாட்டுக்கு ஓரளவு உதவும் இந்தச் சோதனை, சுக்ரோஸ் குறைபாட்டில் ஏமாற்றிவிடக்கூடும்.

மூச்சுச் சோதனை என்கிறார்களே, அதை எப்படிச் செய்வார்கள்? முடிவை எவ்வளவு நம்பலாம்?

மனித உடலின் உயிரணுக்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. மூச்சில் வரும் ஹைட்ரஜன் குடல் நுண்ணுயிரிகள் தந்தது. இரவு முழுவதும் பட்டினி இருந்து, காலையில் ஒரு முறை ஊதிய பிறகு, ஐயத்துக்குரிய சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். லாக்டோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 25 கிராம். பிறகு மூன்று மணி நேரம் வரை இடைவெளி விட்டு ஊதுவார்கள். தொடக்க அளவைவிட ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் உறிஞ்சல் குறைவு என்று கொள்வார்கள். முந்தைய நான்கு வாரங்களில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கக் கூடாது. முந்தின இரவு பருப்பு, பயறு, காய்கள் தவிர்த்து வெறும் சோறு போன்ற எளிய உணவே உண்ண வேண்டும்.

தவறுகள் இரு பக்கமும் நேரும். சிலரின் குடலில் ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிரிகள் மிகுதி. மீத்தேனையும் அளக்காத கருவி அவர்களுக்குக் குறைபாடு இல்லை என்று காட்டிவிடும். சிறுகுடலிலேயே நுண்ணுயிரிகள் பெருகியிருந்தால் எந்தச் சர்க்கரையைக் கொடுத்தாலும் ஹைட்ரஜன் சீக்கிரமே உயரும். லாக்டோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றுமே 'ஆகாது' என்று வந்த ஒருவருக்கு மூன்று குறைபாடுகள் இருப்பதாக முடிவு கட்டுவதற்கு முன் இதையே முதலில் நினைக்க வேண்டும். ஊதும் மூன்று மணி நேரத்தில் அறிகுறி வந்ததா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாயு உயர்ந்து, வயிறு அமைதியாக இருந்தால் உணவைக் கட்டுப்படுத்த வேண்டிய காரணம் அநேகமாக இல்லை.

எண்டோஸ்கோப்பி கட்டாயமா?

லாக்டோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் தேவைப்படுவது அரிது. சுக்ரேஸ் குறைபாட்டை உறுதி செய்ய, சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுத்த திசுத் துணுக்கில் நொதிகளை நேரடியாக அளப்பதே நெடுங்காலமாக அளவுகோலாக இருந்துவருகிறது. அந்த அறிக்கையைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. லாக்டேஸ், சுக்ரேஸ், மால்டேஸ் எல்லாமே குறைந்திருந்தால் குடற்சுவர் சேதமடைந்திருக்கிறது என்று பொருள். கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடற்சுவர் சேதமடையும் சீலியாக் நோய் போன்ற காரணத்தைத் தேட வேண்டும். திசுவின் அமைப்பு இயல்பாகவும் லாக்டேஸ் சரியாகவும் இருந்து, சுக்ரேஸ் மட்டும் அற்றும் மால்டேஸ் குறைந்தும் இருந்தால் அது பிறவிக் குறைபாடு. மரபணுச் சோதனை உதவும். ஆனால் அறிந்த மாற்றங்கள் எதுவும் அகப்படவில்லை என்பதால் மட்டும் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது.

சர்க்கரைக் கரைசலை வீட்டிலேயே குடித்துப் பார்க்கலாமா?

வளர்ந்தவர்களுக்காக ஒரு எளிய முறை உண்டு: வெறும் வயிற்றில் 4 மேசைக்கரண்டி சர்க்கரையை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 120 மில்லி நீரில் கரைத்துக் குடித்து, 4 மணி நேரம் கவனிப்பது. இது சுட்டிக்காட்டுமே தவிர உறுதி செய்யாது. கைக்குழந்தைகளுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதைச் செய்யவே கூடாது. குழந்தைக்கு எதிர்த் திசையில் சோதிப்பதே நல்லது: மருத்துவரின் பார்வையில் சுக்ரோஸையும் மாவுச்சத்தையும் குறிப்பிட்ட நாட்களுக்கு விலக்கிப் பேதி அடங்குகிறதா என்று பார்த்து, பின்னர் ஒன்றை மட்டும் மெல்லத் திரும்பச் சேர்ப்பது.

சுக்ரேஸ் குறைபாடு உறுதியானால் என்ன கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும்?

வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, கரும்புச் சாறு யாவும் பெரும்பாலும் சுக்ரோஸ். 'இயற்கையானது' என்பதற்காகக் கருப்பட்டிக்கு மாறுவதால் இந்தக் குழந்தைக்குப் பயனில்லை. வாழைப்பழம், மாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு, கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றிலும் சுக்ரோஸ் நிறைய உண்டு. மாறாக, திராட்சையிலும் பழுத்த பப்பாளியிலும் சுக்ரோஸ் மிகக் குறைவு, கீரைகளும் அப்படியே. இனிப்பு தேவையெனில் குளுக்கோஸ் பொடியைப் பயன்படுத்தலாம். மணமூட்டிய வகைகளில் சர்க்கரை கலந்திருக்கலாம் என்பதால் உறையைப் படிக்க வேண்டும். தேனில் சுக்ரோஸ் மிகக் குறைவு. ஆயினும் ஒரு வயதுக்குக் கீழ் எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது. ஃப்ரக்டோஸ் தொல்லை உள்ளவருக்கு முதலில் விலக்கச் சொல்லும் தேன், சுக்ரேஸ் குறைபாடு உள்ள பெரிய குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் இனிப்பு. அவருக்கு ஒத்துக்கொள்ளும் வெள்ளைச் சர்க்கரை இந்தக் குழந்தைக்கு ஆகாது. பொதுவான 'இனிப்பு ஆகாதோர் உணவுப் பட்டியல்' ஒன்றை இருவருக்கும் கொடுப்பதில் உள்ள தவறு இதுதான்.

பாலும் தயிரும் முட்டையும் மீனும் இறைச்சியும் எண்ணெயும் நெய்யும் தடையில்லை. மாவுச்சத்து ஆளுக்கு ஆள் மாறும். முதலில் கட்டுப்படுத்திவிட்டு, பேதி அடங்கிய பின் சோற்றைச் சில கரண்டிகளாகத் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏற மாவுச்சத்தைத் தாங்கும் ஆற்றல் பலருக்குக் கூடுகிறது. சுக்ரோஸைத் தாங்கும் ஆற்றல் அவ்வளவாகக் கூடுவதில்லை.

நொதி மருந்தும் உண்டு. ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் சாக்ரோசிடேஸ் என்னும் திரவத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் ஒப்புதல் அளித்தது. 15 கிலோ எடை வரை ஒவ்வொரு உணவுக்கும் 1 மில்லி, அதற்கு மேல் 2 மில்லி. பாதியை உணவின் தொடக்கத்திலும் மீதியை நடுவிலும் கொடுப்பார்கள். அதைச் சூடான பாலிலோ கஞ்சியிலோ கலந்தால் நொதி கெட்டுவிடும். பழச்சாற்றின் அமிலமும் ஆகாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். விலை மிக அதிகம். அது சுக்ரோஸை மட்டுமே பிரிக்கும், மாவுச்சத்தைப் பிரிக்காது. மருந்து கொடுத்தும் சோற்றுக்குப் பிறகு வயிறு பொருமினால் மருந்து தோற்றுவிட்டது என்று கொள்ள வேண்டாம்.

இந்தக் குழந்தைக்குப் பேதி வந்தால் சர்க்கரை-உப்புக் கரைசல் கொடுக்கலாமா?

வீட்டில் சர்க்கரையும் உப்பும் கலந்து தயாரிப்பது இந்தக் குறைபாட்டில் பேதியை வளர்க்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டிலான ஓஆர்எஸ் பொட்டலத்தில் இருப்பது குளுக்கோஸ், அதைக் கொடுக்கலாம். அரிசி அடிப்படையிலான பொட்டலங்களில் இருப்பது மாவுச்சத்து என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மருந்துக் கடையில் காய்ச்சல், இருமல் மருந்து வாங்கும்போது சர்க்கரைப் பாகு இல்லாத வடிவத்தைக் கேட்டு வாங்குவதும் இதே காரணத்தால்தான்.

லாக்டோஸும் ஃப்ரக்டோஸும் ஆகாதவர்கள் வாழ்நாள் முழுவதும் பத்தியம் இருக்க வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் சுமார் 12 கிராம் லாக்டோஸைத் தாங்குவார்கள். அது ஏறத்தாழ 250 மில்லி பால். ஒரு டம்ளர் காபியில் சேரும் 100 மில்லி பாலில் 5 கிராம் அளவே உண்டு. அந்தக் காபிக்கே வயிறு கலங்கினால் பாலைவிடக் காபியையே சந்தேகிப்பது நியாயம். பால்கோவா, பால் பாயசம் போன்றவற்றில் பால் சுண்டி லாக்டோஸ் செறிந்திருப்பதால் அங்கே அளவு தேவை. நெய்யில் லாக்டோஸ் ஏறத்தாழ இல்லை. பாலைக் குறைத்தால் கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை கைகொடுக்கும்.

ஃப்ரக்டோஸுக்கு, மிகுதியாக உள்ள பழங்களையும் தேனையும் சார்பிட்டாலையும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றொன்றாகச் சிறு அளவில், உணவோடு சேர்த்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை ஆகியவற்றில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஓரளவு சமன்பட்டிருப்பதால் மிதமாக உண்ணலாம். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றாலும் தொல்லை இருந்தால், அவற்றிலுள்ள ஃப்ரக்டான் காரணமாகலாம். அதைப் பிரிக்கும் நொதி மனிதர் எவருக்கும் இல்லை என்பதால் அது தனிச் சிக்கல். நிறுத்திய நான்கு வாரத்தில் மாற்றமே தெரியவில்லையென்றால் பத்தியத்தைத் தொடர்வதில் பொருளில்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பெரியவர்களுக்கும் சுக்ரேஸ் குறைபாடு இருக்குமா?

இருக்கும். நொதி முழுவதும் இல்லாமல் பாதி வேலை செய்யும் மிதமான வகைகளில் சிறு வயது முழுவதும் 'இளகிய வயிறு' என்ற பெயரோடு கழிந்து, பின்னர் எரிச்சல் குடல் நோய் என்று மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பேதி மிகுந்த எரிச்சல் குடல் நோயாளிகளிடையே இந்த மரபணுவின் மாற்றங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பாலை நிறுத்தியும் பலனில்லை, இனிப்புப் பலகாரத்துக்கும் மாவு உணவுக்கும் பிறகு பேதி, சிறு வயதிலிருந்தே இப்படி, உடன்பிறந்தவருக்கும் இதே தொல்லை என்று ஒருவர் சொன்னால் சுக்ரோஸ் மூச்சுச் சோதனையைக் கேட்டுப் பார்ப்பது தகும். எடை குறைவு, மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் பேதி, இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சர்க்கரைகளைப் பற்றிய இந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இரைப்பை-குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.